லாரி வாங்க வங்கிக் கடனா, வீட்டுச் சேமிப்பா? வட்டி வரியைக் குறைக்கும் கணக்கு

“கடன் எடுத்தா வரி குறையும்னு சொல்றாங்களே, எடுத்துடலாமா?” சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எங்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் லாரி வைத்திருப்பார், அல்லது தோட்டங்களில் களை மருந்து அடிக்கும் காண்ட்ராக்ட் எடுத்திருப்பார், அல்லது உரக்கடை நடத்துவார். அவர் கேள்விப்பட்டது உண்மைதான், கடனுக்குக் கட்டும் வட்டி கம்பெனியின் வரியைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும், எந்த ஆண்டில் குறைக்கும், குறைந்த வரி வேறு யார் தலையிலாவது போய் விழுகிறதா என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து.

அண்மையில் ஒரு குடும்பத்துக்கு இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களை மாற்றி முழுத்தொகையாக்கித் தருகிறேன். கணக்கின் போக்கு அதேதான். அப்பாவும் மகனும் நடத்தும் செண்டிரியான் பெர்ஹாட் அது. தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். லாரி போதாமல் குலைகள் சாலையோர மேடையிலேயே கிடந்தால் தோட்ட மேனேஜர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். அதனால் இன்னும் இரண்டு லாரி வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 400,000 வெள்ளி. அந்தப் பணம் எங்கிருந்து வருவது என்பதில்தான் சண்டை.

மகன் வங்கிக் கடன் என்றார். அப்பாவுக்குக் கடன் என்றாலே பிடிக்காது. தன் பெயரிலும் மனைவி பெயரிலும் வைப்புத்தொகையாகக் கிடக்கும் பணத்தைக் கம்பெனியில் பங்கு மூலதனமாகப் போட்டுவிடலாம் என்றார். மூன்றாவது வழியை நான் சொன்னேன்: அதே சேமிப்பைப் பங்காகப் போடாமல், கம்பெனிக்கு வட்டிக்குக் கடனாகக் கொடுப்பது.

முதலில் வட்டி ஏன் வரியைக் குறைக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வருமானம் ஈட்டுவதற்காக வாங்கிய கடனின் வட்டியை டீசல், டிரைவர் சம்பளம் போன்ற செலவாகவே ஏற்கிறது. லாபத்தைக் கணக்கிடும் முன்பே அது கழிந்துவிடும். பங்குதாரருக்குக் கொடுக்கும் லாப ஈவு அப்படியில்லை; கம்பெனி வரி கட்டிய பிறகு மிஞ்சுவதைப் பங்கு போடுவது அது. ஆகவே அதே 24,000 வெள்ளி, கடன் கொடுத்தவருக்கு வட்டியாகப் போனால் வரிக்கு முன் போகிறது. பங்குதாரருக்கு ஈவாகப் போனால் வரிக்குப் பின் போகிறது. இந்த வித்தியாசத்தில் மிச்சமாகும் வரியைத்தான் வட்டியின் வரிக் கவசம் என்கிறோம். கணக்கு எளிது: கட்டும் வட்டியைக் கம்பெனியின் வரி விகிதத்தால் பெருக்கினால் மிச்சமாகும் வரி கிடைக்கும். வங்கியின் இஸ்லாமிய நிதித் திட்டத்தில் லாபம் என்ற பெயரில் கட்டும் தொகைக்கும் இதே சலுகைதான். கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவது மட்டும் செலவில் சேராது.

எந்த விகிதத்தால் பெருக்குவது என்பதில்தான் நம் ஊர்க் கம்பெனிகள் பலவும் வழுக்குகின்றன. மலேசியாவில் கம்பெனி வரி 24 விழுக்காடு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் செலுத்தப்பட்ட மூலதனம் 25 இலட்சம் வெள்ளிக்கு மேற்போகாமல், தொழில் வருமானம் ஆண்டுக்கு 5 கோடி வெள்ளிக்குள் இருக்கும் சிறிய உள்நாட்டுக் கம்பெனிக்கு 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் படிப்படியான விகிதம்: முதல் 150,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 600,000 வரைக்கும் 17, அதற்கும் மேலே இருப்பதற்குத்தான் 24. வட்டி எப்போதும் வருமானத்தின் உச்சியிலிருந்து கழிகிறது. அதனால் உங்கள் கடைசி வெள்ளி எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியின் விகிதம்தான் உங்கள் கவசத்தின் அளவு.

இனி மகன் சொன்ன வழி. வட்டி 6 விழுக்காடு, ஐந்து ஆண்டு, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 80,000 அசல் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 24,000. புது லாரிகளும் ஓடும்போது வட்டிக்கும் மூலதனக் கழிவுக்கும் முன்னால் கம்பெனியின் வருமானம் 350,000 என்று எதிர்பார்த்தோம். லாரியின் விலையைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்து வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வதுதான் மூலதனக் கழிவு. லாரிக்கு அது முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20 விழுக்காடும் ஆண்டுக் கழிவு 20 விழுக்காடும் சேர்ந்து 40. 400,000க்கு 160,000 கழிகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் 80,000 வீதம் கழிந்து தீர்ந்துவிடும். இந்தக் கழிவு, லாரியைச் சேமிப்பில் வாங்கினாலும் வங்கிக் கடனில் வாங்கினாலும் ஒன்றுதான். அதனால் அதைக் கடனின் நன்மையாக எண்ணக் கூடாது.

கடன் இல்லாவிட்டால் வரிக்குரிய வருமானம் 190,000, வரி 29,300. கடன் இருந்தால் வருமானம் 166,000, வரி 25,220. வித்தியாசம் 4,080. அது 24,000 வெள்ளி வட்டியின் 17 விழுக்காடு. மகன் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கு 24 விழுக்காட்டில், அதாவது 5,760. ஐந்து ஆண்டுக்கும் கூட்டினால் கட்டும் வட்டி 72,000. வருமானம் இதே அளவில் நின்றால் மிச்சமாகும் வரி 12,240. மீதி 59,760 வெள்ளி குடும்பத்தின் கையை விட்டு வங்கிக்குப் போகிறது. “வரி குறையும்” என்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைச் சொல்வதில்லை. கவசம் வட்டியின் ஒரு பகுதியைத்தான் தாங்கும். 6 விழுக்காட்டுக் கடன் வரிக்குப் பின் 4.98 விழுக்காட்டுக் கடனாகிறது, அவ்வளவே.

அப்பா சொன்ன வழியில் வட்டியே கிடையாது, கவசமும் கிடையாது. அதற்காக அது இலவசப் பணமாகிவிடாது. வைப்புத்தொகைக்கு 3 விழுக்காடு வட்டி வந்துகொண்டிருந்தது என்று வைத்தால் ஆண்டுக்கு 12,000 நின்றுபோகும். உரிமம் பெற்ற வங்கிகளில் தனிநபர் போடும் பணத்தின் வட்டிக்கு 2008 முதல் வரி விலக்கு உண்டு. ஆகவே அந்த 12,000 முழுசாகக் கைக்கு வந்துகொண்டிருந்த பணம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் ஆண்டில் வங்கிக் கடன் குடும்பத்துக்கு வரி மிச்சம் போக 19,920 செலவு. சேமிப்பைப் போடுவது 12,000 செலவு. கவசத்தைச் சேர்த்த பிறகும் சொந்தப் பணம்தான் 7,920 வெள்ளி மலிவு. கடனுக்கான வட்டி வரிக்குப் பின்னும் வைப்புத்தொகை வட்டியைவிட உயரமாக நிற்கும் வரை, வரியைக் குறைப்பதற்கென்றே கடன் வாங்குவது நட்டக் கணக்கு. இதை மகனிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவோ, “அதான் நான் அப்பவே சொன்னேன்” என்றார்.

ஆனால் அவருடைய வழியிலும் ஒரு கஷ்டம் உண்டு. பங்கு மூலதனமாகப் போன பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி மூலதனத்தைக் குறைக்க நீதிமன்ற ஒப்புதலோ, கம்பெனி கடனைத் தீர்க்கும் நிலையில் இருக்கிறது என்று இயக்குநர்கள் உறுதிமொழி தரும் நடைமுறையோ வேண்டும். ஈவாக எடுக்கலாம், ஆனால் அதற்கு லாபம் இருக்க வேண்டும். 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஒருவருக்கு ஆண்டில் வரும் ஈவு 100,000 வெள்ளியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 2 விழுக்காடு வரியும் உண்டு. அறுபதைத் தாண்டிய மனிதர் தன் சேமிப்பு முழுவதையும் இரண்டு லாரிக்குள் வைத்துப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவரிடமே சொன்னேன்.

மூன்றாவது வழி இங்கேதான் வருகிறது, என் பார்வையில் இதுதான் நின்று பார்க்க வேண்டிய இடம். முதலில், 400,000 வெள்ளியையும் அப்பாவே கம்பெனிக்கு 6 விழுக்காட்டில் கடனாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி அவருக்கு 24,000 வட்டி கட்டுகிறது, 4,080 வரி மிச்சமாகிறது. வட்டியும் வெளியே போகவில்லை, குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது. கேட்க இனிப்பாக இருக்கிறதா? அப்பா அந்த 24,000க்கு வரி கட்ட வேண்டும். வங்கி வட்டிக்கு இருக்கும் விலக்கு, தன் கம்பெனியிடமிருந்து வாங்கும் வட்டிக்குக் கிடையாது. இயக்குநர் சம்பளத்தை வைத்து அவருடைய வரிக்குரிய வருமானம் ஏற்கெனவே 72,000. அதற்கு மேல் ஏறும் 24,000 முழுவதும் 70,000க்கும் 100,000க்கும் இடைப்பட்ட படியில் விழுகிறது. அங்கே தனிநபர் வரி 19 விழுக்காடு, அதாவது 4,560. கம்பெனி மிச்சப்படுத்தியதைவிட அப்பா கட்டுவது 480 வெள்ளி அதிகம். இவ்வளவு தாளும் கையெழுத்தும் செய்து, கடைசியில் அரசுக்கு 480 வெள்ளி கூடக் கொடுத்திருப்பார்கள்.

நிதித்துறைப் பொருளியலில் இது பழைய விவாதம். பொருளியலாளர்கள் மோடிலியானியும் மில்லரும் 1963இல் தங்கள் முந்தைய கட்டுரையைத் திருத்தி, வட்டி தரும் வரி மிச்சம் கம்பெனியின் மதிப்பைக் கூட்டும் என்றார்கள். 1977இல் மில்லரே, கடன் கொடுத்தவர் தன் வட்டி வருமானத்துக்குக் கட்டும் வரியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆதாயம் குறையலாம், இல்லாமலே போகலாம் என்று காட்டினார். அமெரிக்காவின் பெருங்கம்பெனிகளை வைத்து எழுதிய அந்த வாதத்தைச் செம்பனை லாரிக் கணக்கில் அப்படியே பார்க்கலாம். கவசத்தின் உண்மையான அளவு இரண்டு விகிதங்களுக்கு இடையில் இருக்கிறது: கம்பெனியின் கடைசிப் படி ஒரு பக்கம், கடன் கொடுப்பவரின் கடைசிப் படி மறுபக்கம். கம்பெனியின் படி உயரமாகவும் கொடுப்பவரின் படி தாழ்வாகவும் இருந்தால்தான் குடும்பத்துக்கு ஏதாவது மிஞ்சும்.

அந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். சேமிப்பில் 150,000 வெள்ளி அம்மாவுடையது. பல வருடம் தொழிற்சாலையில் வேலை செய்து எடுத்த சேமநிதிப் பணம். அவருக்கு இப்போது வரிக்குரிய வருமானம் எதுவும் இல்லை. அவர் அந்த 150,000 வெள்ளியைக் கம்பெனிக்கு அதே 6 விழுக்காட்டில் கொடுத்தால் வட்டி ஆண்டுக்கு 9,000. தனிநபர் கழிவே 9,000 என்பதால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். கம்பெனிக்கோ 1,530 மிச்சம். அம்மாவும் வங்கியில் வாங்கிக்கொண்டிருந்த 4,500க்குப் பதிலாக 9,000 பெறுகிறார். “எனக்கு மாசா மாசம் கையில வந்தா நல்லது தம்பி” என்றார் அவர், அவ்வளவு நேரமும் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பணம் உண்மையிலேயே அவருடையதாக இருக்க வேண்டும். கடனுக்காகவே அப்பா தன் பணத்தை அம்மா கணக்குக்கு மாற்றினால், வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு என்று வருமான வரி வாரியம் அதை ஒதுக்கித்தள்ளச் சட்டத்தின் 140ஆம் பிரிவு இடம் தருகிறது. வட்டி விகிதம் வங்கி கேட்பதை ஒட்டி இருக்க வேண்டும். 6க்குப் பதில் 12 என்று எழுதினால் கேள்வி வரும். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வட்டி எந்தத் தேதியில் கட்ட வேண்டியதாகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஏனென்றால் வட்டி கட்ட வேண்டியதாகும்போதுதான் அதைச் செலவாகக் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கணக்காளர் ஆண்டுக் கடைசியில் ஏட்டில் ஒரு பதிவு எழுதி 9,000 செலவு காட்டுவது போதாது. மாதாமாதம் கம்பெனிக் கணக்கிலிருந்து அம்மா கணக்குக்குப் பணம் போயிருக்க வேண்டும். இன்னொன்றையும் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்: கம்பெனி நொடித்துப்போனால் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும், பிணையில்லாமல் கொடுத்த அவர் பின்னால்தான் நிற்பார்.

ஆகவே நான் சொன்ன யோசனை இது. அம்மாவின் 150,000 கடனாகக் கம்பெனிக்குள் வரட்டும். மீதி 250,000 வங்கியில் வாங்கலாம். அப்பாவின் 250,000 இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முதல் ஆண்டுச் செலவைக் குடும்பத்துக்கு மொத்தமாகப் பார்த்தால், வங்கி வட்டி 15,000, அதில் 2,550 வரியில் திரும்புகிறது. அம்மாவின் வைப்பு வட்டி 4,500 நிற்கிறது, அதில் 1,530 வரியில் திரும்புகிறது. ஆக 15,420. அப்பா சொன்ன வழியைவிட 3,420 வெள்ளி அதிகம்தான். அந்த 3,420 வெள்ளியைக் கொடுத்து, அவசரத்துக்கு எடுக்கக்கூடிய 250,000 வெள்ளியை அப்பா கையில் வைத்திருக்கிறோம் என்று எண்ண வேண்டும். அதை நான் தாராளமாகக் கொடுப்பேன்.

ஏன் என்பதற்கு ஒரு மோசமான ஆண்டை எழுதிக் காட்டினேன். தொடர்மழையில் தோட்டப்பாதை அறுந்து, ஏற்ற வேண்டிய குலைகள் குறைந்து, வருமானம் 350,000க்குப் பதில் 120,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். முழுத் தொகையையும் வங்கியில் வாங்கியிருந்தால் வட்டி 24,000 முதலில் கழிந்து 96,000 நிற்கும். மூலதனக் கழிவு 160,000 அதை முழுதாக விழுங்கிவிடும், 64,000 அடுத்த ஆண்டுக்குப் போகும். வட்டி இல்லாவிட்டாலும் கழிவு 120,000ஐ விழுங்கி 40,000 மிஞ்சியிருக்கும். இரண்டிலும் அந்த ஆண்டு வரி பூஜ்யம். ஆக, அந்த ஆண்டில் கவசத்தால் ஒரு காசும் மிச்சமில்லை. அது அழிந்துவிடவில்லை, 24,000 கூடுதல் கழிவாக அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதே தொழில் நடக்கும் வரை அந்தக் கழிவை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் தவணை தள்ளிப்போகாது. 24,000 வட்டியும் 80,000 அசலுமாக 104,000 அந்த ஆண்டே கட்ட வேண்டும். 120,000இல் மிஞ்சுவது 16,000.

லாரி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், கவசத்தைவிடவும் பெரியது. பெரும்பாலோர் லாரியை வங்கியின் தவணைமுறைக் கொள்முதலில், அதாவது ஹயர் பர்ச்சேஸில்தான் எடுக்கிறார்கள். அதிலும் வட்டி கழிவது ஒரே மாதிரிதான். மூலதனக் கழிவு மட்டும் வேறுபடும்: லாரியின் முழு விலைக்கும் முதல் ஆண்டிலேயே கிடைக்காது, அந்த ஆண்டு கட்டிய அசலுக்கு மட்டுமே கிடைக்கும். நம் கணக்கில் முன்பணம் இல்லாமல் முதல் ஆண்டு 80,000 அசல் கட்டினால், கழிவு 160,000க்குப் பதில் 32,000. வரி 25,220இலிருந்து 46,980 ஆகிவிடும். பின்வரும் ஆண்டுகளில் அது திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் முதல் ஆண்டில் 21,760 வெள்ளி கையை விட்டுப் போவதை வட்டியின் 4,080 மிச்சம் ஈடுகட்டாது. அதனால் ஹயர் பர்ச்சேஸாக இல்லாமல், வங்கியில் தவணைக் கடனாகவே, அதாவது டெர்ம் லோனாகவே கேளுங்கள் என்றேன். வங்கி அதற்கு வீட்டைப் பிணையாகக் கேட்டால், அப்போது மறுபடி யோசிக்க வேண்டும்.

கடன் கிடைத்த பிறகு நடக்கும் தவறு ஒன்று உண்டு. 400,000 கணக்கில் விழுந்ததும், அதில் 100,000 மகனின் வீட்டு முன்பணத்துக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ போய்விடும். 33ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தொழிலுக்குப் பயன்படாத பகுதியின் வட்டியை வெட்டிவிடும். கால்பங்கு வேறிடம் போனால் 24,000இல் 6,000 செலவாக ஏற்கப்படாது. கவசம் 4,080இலிருந்து 3,060 ஆகும். இது எப்படித் தெரியவரும் என்றால், கணக்கில் “இயக்குநரிடமிருந்து வர வேண்டியது” என்று ஒரு தொகை ஏறிக்கொண்டே போகும். தணிக்கையாளரின் கண்ணும் வரி அதிகாரியின் கண்ணும் முதலில் போய் நிற்பது அந்தத் தொகையில்தான். கம்பெனி தன் சொந்தப் பணத்திலிருந்து இயக்குநருக்கு வட்டியில்லாமல் கொடுத்திருந்தால்கூட, வட்டி வந்ததாகவே வைத்துக் கம்பெனிக்கு வரி போட 140பி பிரிவு இருக்கிறது. அதனால் கடனுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, லாரி விற்பவருக்கு அதிலிருந்தே நேரடியாகக் காசோலை போகும்படி செய்யச் சொன்னேன்.

அப்பா கடைசியில் வங்கிப் பகுதியை 250,000இலிருந்து 200,000ஆகக் குறைத்து, 50,000 மட்டும் தன் சேமிப்பிலிருந்து போடுவதாகச் சொன்னார். அதைப் பங்காகவா கடனாகவா என்று கேட்டார். வட்டியில்லாக் கடனாகப் போடுங்கள் என்றேன்: 19 விழுக்காட்டுப் படியில் இருக்கும் அவருக்கு வட்டி வாங்குவதில் ஆதாயம் இல்லை, கடனாக இருந்தால் கம்பெனியில் பணம் சேரும்போது வரியில்லாமல் அசலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குடும்பக் கடனைத் தன் கடனுக்குப் பின்னால் வைக்கும்படி வங்கி எழுதிக் கேட்கலாம் என்பதால், கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அம்மாவின் மாத வட்டியாவது தடையில்லாமல் போகுமா என்று அந்த ஷரத்தைப் படித்துப் பார்க்கும் வேலை மகனுடையது.